ஒரே சிசேரியனில் மூன்று முறை இறங்கிய பி.பி.: ஒரு நிகழ்வு ஆய்வு

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் பி.பி. இறங்குவது புதிய செய்தி அல்ல. மருந்து எதுவும் முன்கூட்டியே கொடுக்காவிட்டால் பெரும்பாலான பெண்களுக்கு இறங்கத்தான் செய்யும். இந்த நிகழ்வை எழுதி வைக்கக் காரணம் வேறு. ஒரே பெண்ணுக்கு அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை பி.பி. 80-களுக்கு வந்தது. மானிட்டரில் தெரிந்த மேல் எண் மூன்று முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காரணம் மூன்று, சிகிச்சையும் ஒன்றல்ல. பிரித்துக் காட்டியது பெரும்பாலும் நாடித் துடிப்புதான்.

பின்னணி

27 வயதுப் பெண், இரண்டாவது பிரசவம். முதல் குழந்தையும் சிசேரியன். 39 வாரம் முடிந்து, முன்பே தேதி குறித்த அறுவை சிகிச்சை. எடை 71 கிலோ, உயரம் 156 செ.மீ., ஹீமோகுளோபின் 10.8. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ கிடையாது. நஞ்சு கருப்பையின் மேல்பகுதியில் இருந்தது. பழைய தழும்பின் மேல் இல்லை. அந்த வகையில் பெரிய இரத்தப்போக்கை எதிர்பார்க்க வேண்டிய நிலை இல்லை.

முந்தைய நாள் பார்க்கப் போனபோது அவரே கேட்டார்: "போன தடவை ஊசி போட்டதும் ஒரே வாந்தி சார், கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தத் தடவையும் அப்படி ஆகுமா?" பழைய மயக்கக் குறிப்பு கிடைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதே குறிப்புதான். ஊசி போட்ட சில நிமிடங்களில் வரும் குமட்டலுக்கு, வேறு காரணம் நிரூபணம் ஆகும்வரை, பி.பி. இறக்கம் என்றே பொருள் கொள்ள வேண்டும். "பி.பி. இறங்கினா அப்படி வரும்மா. லேசா குமட்டினாலும் உடனே சொல்லுங்க, அடக்கி வெச்சுக்காதீங்க" என்று சொல்லி வைத்தோம்.

தியேட்டரில் இடதுபுறம் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்து மூன்று முறை பி.பி. எடுத்தோம். சராசரி 118/74, நாடி 84. 2018-இல் வெளியான சர்வதேச ஒருமித்த அறிக்கை, மேல் அழுத்தத்தை அடிப்படை அளவின் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருக்கவும், 80 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே சரிசெய்யவும் சொல்கிறது. இவருக்கு அது முறையே 106, 94. இந்த இரண்டு எண்களையும் மயக்கக் குறிப்புத் தாளின் ஓரத்தில் எழுதினோம். பொதுவாக 90 அல்லது 100 என்று ஒரு எல்லையை மனதில் வைத்திருப்பது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் 140 உள்ளவருக்கு 100 என்பது பெரிய சரிவு. 100 உள்ளவருக்கு அதுவே இயல்பு.

தயாரிப்பு

கையில் 18 அளவு ஊசிக்குழாய், ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ். ஊசி போடுவதற்கு முன்பே ஒரு லிட்டர் ஏற்றிவிடும் பழைய முறையை நாங்கள் பின்பற்றுவதில்லை. உப்பு நீர் வகைத் திரவம் இரத்தக் குழாய்க்குள் அதிக நேரம் தங்காது. ஊசி வேலை செய்யத் தொடங்கும்போது அதில் பெரும்பகுதி வெளியே கசிந்திருக்கும். ஊசி போடும் அதே நேரத்தில் டிரிப்ஸை முழு வேகத்தில் திறந்துவிடுவதே பயன் தரும். அதுவும் துணைக்குத்தான். திரவம் மட்டும் இந்தச் சரிவைத் தடுக்காது.

முக்கியமான மருந்து, இரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யை ஏற்றும் ஃபினைல்எஃப்ரின். நம் ஊரில் வரும் ஆம்பூலில் 1 மி.லி.யில் 10 மி.கி. இருக்கிறது. ஒரு முறை கொடுக்க வேண்டியது 50 முதல் 100 மைக்ரோகிராம். அதாவது அந்தச் சிறிய ஆம்பூலுக்குள் 100 வேளை மருந்து இருக்கிறது. நீர்க்காமல் தவறுதலாக ஏற்றினால் பி.பி. எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரு ஆம்பூலை 100 மி.லி. சலைன் பாட்டிலில் கலந்து, பாட்டிலிலும் சிரிஞ்சிலும் '1 மி.லி. = 100 மைக்ரோகிராம்' என்று எழுதி ஒட்டினோம். ஒரு சிரிஞ்ச் கையால் கொடுக்க, ஒன்று பம்ப்பில். தனியாக எஃபெட்ரின், 1 மி.லி.க்கு 6 மி.கி. என்று நீர்த்தது. நாடியைக் கூட்டும் அட்ரோபின் 0.6 மி.கி. ஒரு சிரிஞ்சில்.

பம்ப்பில் மருந்து இருந்தாலும் ஓடவில்லை. எங்கள் தியேட்டரில் அப்போதிருந்த வழக்கம், பி.பி. இறங்கத் தொடங்கிய பிறகு மருந்தைத் தொடங்குவது.

10:12 – முதுகில் ஊசி

உட்கார வைத்து, இடுப்பு முதுகெலும்பின் 3-ஆம், 4-ஆம் எலும்புகளுக்கு இடையே, 25 அளவு ஊசி. முதல் முயற்சியிலேயே தெளிவான தண்டுவட நீர் வந்தது. 0.5 சதவீத ஹெவி புப்பிவாக்கேய்ன் 2 மி.லி., அதாவது 10 மி.கி.; கூடவே ஃபென்டனில் 15 மைக்ரோகிராம். உடனே படுக்க வைத்து, வலது இடுப்புக்குக் கீழே ஆப்பு வடிவத் தலையணை வைத்தோம். பி.பி. கருவியை நிமிடத்துக்கு ஒரு முறை எடுக்கும்படி மாற்றினோம்.

இந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊசி மருந்து வலி உணரும் நரம்புகளை மட்டும் மரத்துப்போகச் செய்வதில்லை. இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும் பரிவு நரம்புகளையும் நிறுத்திவிடுகிறது. அவை உணர்வு நரம்புகளைவிட வேகமாகவே அடங்கும். குழாய்கள் தளர்ந்ததும், சிறிய குடத்துத் தண்ணீரைப் பெரிய அண்டாவில் ஊற்றியது போல, அதே இரத்தம் போதாமல் போகிறது. தமனிகள் தளர்வதால் அழுத்தம் விழுகிறது. சிரைகள் தளர்வதால் கால்களிலும் வயிற்றிலும் இரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. நிறைமாதக் கருப்பை கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்துவது இதைக் கூட்டுகிறது. இடுப்புக்கு அடியில் வைக்கும் தலையணை அதற்காகத்தான். ஆனாலும் எம்.ஆர்.ஐ. படங்களில் பார்த்தபோது 15 டிகிரி சாய்வில் அந்தச் சிரை பெரிதாகத் திறக்கவில்லை, 30 டிகிரியில்தான் ஓரளவு திறந்தது. தியேட்டர் மேசையில் நாம் கண்ணால் 15 டிகிரி என்று நினைப்பது பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும். தலையணை வைத்தாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பிரசவ வலிக்குப் போடும் எபிடியூரலிலும் அடிப்படை இதேதான். அங்கே நீர்த்த மருந்து மெதுவாக, 15 முதல் 20 நிமிடத்தில் வேலை செய்வதால் உடம்புக்குச் சமாளிக்க நேரம் கிடைக்கிறது. இறக்கமும் மென்மையாக இருக்கும். முதுகுத் தண்டு நீரில் நேரடியாகப் போடும்போது அந்த அவகாசம் 3, 4 நிமிடம்தான்.

10:15 – முதல் சரிவு

10:14-க்கு பி.பி. 104/58, நாடி 98. குறித்து வைத்த 106-க்குக் கீழே வந்தாயிற்று. பம்ப்பைத் தொடங்கத் திரும்பினோம். அதற்குள் அவர் கொட்டாவி விட்டார், பிறகு இன்னொன்று. "சார், குமட்டுது." அடுத்த அளவு வந்தபோது 84/42, நாடி 118.

கொட்டாவியும் குமட்டலும் மூளைக்குப் போகும் இரத்தம் குறைவதன் அடையாளம். கருவியின் பட்டை ஊதி இறங்கி எண் காட்ட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பல நேரம் பெண்ணின் முகம் மானிட்டரை முந்திக்கொள்ளும்.

பி.பி. குறைவு, நாடி வேகம். குழாய்கள் தளர்ந்திருக்கின்றன, இதயம் ஓடி ஓடி ஈடுகட்டப் பார்க்கிறது என்பதே இதன் பொருள். தேவை குழாய்களை இறுக்கும் மருந்து. ஃபினைல்எஃப்ரின் 100 மைக்ரோகிராம் கொடுத்தோம், கருப்பையைக் கையால் இடதுபக்கம் தள்ளிப் பிடித்தோம். 10:17-க்கு 112/64, நாடி 82. குமட்டலுக்கென்று தனி மருந்து எதுவும் கொடுக்கவில்லை, பி.பி. ஏறியதும் அதுவே நின்றது. பம்ப்பை நிமிடத்துக்கு 25 மைக்ரோகிராம் வேகத்தில், அதாவது மணிக்கு 15 மி.லி., தொடங்கினோம்.

ஏன் எஃபெட்ரின் இல்லை என்று பழைய முறையில் பயின்றவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1970-களில் சினை ஆடுகளில் செய்த சோதனைகளில், குழாயை இறுக்கும் மருந்துகள் கருப்பைக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்தன, எஃபெட்ரின் குறைக்கவில்லை. அதை வைத்துப் பல ஆண்டுகள் எஃபெட்ரினே முதல் மருந்தாக இருந்தது. பின்னர் ஹாங்காங் உள்ளிட்ட இடங்களில் சிசேரியன் தாய்மாரிடமே ஆய்வு செய்தபோது படம் மாறியது. எஃபெட்ரின் நஞ்சைத் தாண்டிக் குழந்தைக்குள் போய் அதன் வளர்சிதை வேகத்தைக் கூட்டுகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் அமிலத்தன்மை கூடியிருந்தது. ஃபினைல்எஃப்ரின் கொடுத்தவர்களின் குழந்தைகளிடம் அது குறைவு. அதனால் எஃபெட்ரின் பெட்டியை விட்டுப் போய்விடவில்லை, இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதற்கும் வேளை வரும், இவருக்கு வந்தது.

10:21 – சரிவு அல்லாத ஒரு எச்சரிக்கை

பி.பி. 126/70. நாடி 52.

உடன் இருந்த முதுநிலை மாணவி சிரிஞ்சைக் கையில் எடுத்துவிட்டார். "சார், அட்ரோபின் போடட்டுமா?" "வேண்டாம்மா. முதல்ல பம்ப்பை நிறுத்து."

பி.பி. நன்றாக இருக்கும்போது நாடி குறைவது ஃபினைல்எஃப்ரின் வேலை செய்வதற்கான பதில் வினை. அழுத்தம் ஏறுவதைக் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் கண்டு இதயத்தை மெதுவாக்குகின்றன. இங்கே அட்ரோபின் கொடுத்தால் அந்தத் தடுப்பு போய், இறுகிய குழாய்களுக்குள் இதயம் வேகமாகத் தள்ளும், பி.பி. ஆபத்தான அளவுக்கு எகிறலாம். அதே நேரம் 52-ஐச் சும்மா விடவும் முடியாது. இந்த நிலையில் நாடி குறைந்தால் இதயம் நிமிடத்துக்கு வெளியே தள்ளும் இரத்தமும் குறைகிறது என்றே கொள்ள வேண்டும். கருப்பைக்குப் போவது அதிலிருந்துதான். மருந்தை நிறுத்தியதும் 2 நிமிடத்தில் நாடி 68, பி.பி. 114/66.

மரத்த மட்டத்தைக் குளிர்ந்த பஞ்சால் பார்த்தோம். முலைக்காம்பு மட்டம் வரை குளிர்ச்சி தெரியவில்லை. சிசேரியனுக்குப் போதுமான உயரம். 10:24-க்கு அறுவை தொடங்கியது.

10:26 – இரண்டாம் சரிவு

பி.பி. 82/40, நாடி 46. முகம் வெளுத்தது. கேட்டதற்குப் பதில் வந்தது, ஆனால் மெதுவாக.

எண்ணை மட்டும் பார்த்தால் முதல் சரிவின் மறுபதிப்பு. நாடியைச் சேர்த்துப் பார்த்தால் நேர் எதிர். ஃபினைல்எஃப்ரின் நின்று 5 நிமிடம் ஆகிவிட்டது. அதன் வேலை இதற்குள் தீர்ந்திருக்கும். ஆகவே இந்த 46-க்கு அது காரணமாக இருக்க முடியாது. பி.பி. குறைந்தால் இதயம் வேகமெடுக்க வேண்டும், எடுக்கவில்லை. இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு, இரண்டும் சேர்ந்தே வரலாம். இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் முதல் நான்கு கண்டங்களிலிருந்து வருகின்றன. மருந்து அந்த உயரத்தைத் தொட்டால் அவை ஓய்ந்துவிடும். இன்னொன்று, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் மிகவும் குறையும்போது, காலியான இதயம் அனிச்சையாகத் தன் துடிப்பை மெதுவாக்கிக்கொள்வது. பெசோல்ட்-யாரிஷ் அனிச்சைச் செயல் என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். கவனிக்காமல் விட்டால் இங்கிருந்து இதயத் துடிப்பு நிற்பது வரை போகும். மூன்று சரிவுகளில் நான் உண்மையில் பயந்தது இதற்குத்தான்.

இந்த நேரத்தில் ஃபினைல்எஃப்ரின் தனியாகக் கொடுத்தால் நாடி இன்னும் குறையலாம். எஃபெட்ரின் 6 மி.கி. கொடுத்தோம். குழாய்களை இறுக்குவதோடு இதயத்தையும் தட்டி எழுப்பும் மருந்து அது. மாணவி இருவர் உதவியோடு துணிக்கு அடியில் கால்களை உயர்த்திப் பிடித்தார். மேசையின் தலைப்பக்கத்தைத் தாழ்த்தவில்லை: ஹெவி மருந்து தண்டுவட நீரைவிடக் கனமானது, அது நிலைபெறும் முன் தலையைத் தாழ்த்தினால் மருந்து மேலே ஓடும். இரத்தத்தைத் திரும்ப அனுப்பக் கால்களை உயர்த்தினால் போதும்.

அரை நிமிடத்தில் நாடி 44. காத்திருக்கவில்லை, அட்ரோபின் 0.6 மி.கி. கொடுத்தோம். 5 நிமிடத்துக்கு முன் தவறாக இருந்திருக்கக்கூடிய மருந்து இப்போது சரியானது.

அது வேலை செய்யும் நேரத்தில் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது: மருந்து கழுத்து வரை ஏறிவிட்டதா? "என் விரலை இறுக்கிப் பிடிங்கம்மா." பிடித்தார், இரண்டு கையிலும் பலம் இருந்தது. "பேர் சொல்லுங்க, சத்தமா." குரல் கிசுகிசுப்பாக இல்லை. விரல்நுனியில் லேசான மரமரப்பு இருப்பதாகச் சொன்னார். மூச்சுத் திணறல் இல்லை, ஆக்சிஜன் அளவு 99. மருந்து நாம் அளந்ததைவிடச் சற்று மேலே ஏறியிருக்கிறது, ஆனால் மூச்சுத் தசைகளுக்குப் போகவில்லை. பிடி தளர்ந்து, குரல் அடங்கி, இருமல் வராமல் போயிருந்தால் அடுத்த வேலை மூச்சுக்குழலில் குழாய் போடுவது. அதற்கான பொருட்கள் தலைமாட்டிலேயே இருந்தன.

10:28-க்கு பி.பி. 108/60, நாடி 94. பம்ப்பை மறுபடி, இம்முறை பாதி வேகத்தில், மணிக்கு 7.5 மி.லி. தொடங்கினோம்.

10:31 – குழந்தை

பெண் குழந்தை. உடனே அழுதது. பிறந்த குழந்தையின் நிலையைப் பத்துக்கு மதிப்பிடும் ஆப்கார் 1 நிமிடத்தில் 8, 5 நிமிடத்தில் 9. தொப்புள்கொடித் தமனி இரத்தத்தில் பி.எச். 7.27, கவலைப்பட வைக்கும் அளவு அல்ல. இரண்டு சரிவுகளும் 2 நிமிடத்துக்கு மேல் நீடிக்காததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறோம். குழந்தையைப் பாதிப்பதில் எவ்வளவு இறங்கியது என்பதோடு எவ்வளவு நேரம் இறங்கி இருந்தது என்பதும் சேரும்.

10:34 – மூன்றாம் சரிவு

கருப்பை சுருங்க ஆக்சிடோசின் தர வேண்டிய நேரம். "சார், பத்து யூனிட் போட்டுடலாமா?" என்றார் அறுவை செய்த மருத்துவர். "மூணு யூனிட் மெதுவா போடறேன் மேடம். அப்புறம் டிரிப்ஸ்ல விடறேன், கருப்பை தளர்வா இருந்தா சொல்லுங்க." ஆக்சிடோசின் வேகமாகப் போனால் தமனிகளைத் தளர்த்தும். ஏற்கெனவே பரிவு நரம்புகள் ஓய்ந்திருக்கும் உடம்பில் 10 யூனிட்டை ஒரே தள்ளில் கொடுப்பதை நாங்கள் செய்வதில்லை. 3 யூனிட்டை அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக் கொடுத்தோம். 10 யூனிட் கலந்த 500 மி.லி. சலைன் ஒரு மணி நேரத்தில் போகும்படி தொடங்கினோம்.

அப்படிக் கொடுத்தும் ஒரு நிமிடத்தில் பி.பி. 86/44, நாடி 124. முகம் சிவந்தது.

மறுபடியும் குறைந்த பி.பி., வேகமான நாடி. முதல் சரிவின் அதே உருவம். ஆனால் குழந்தை வெளியே வந்த பிறகு இந்த உருவத்துக்கு இன்னொரு சொந்தக்காரர் உண்டு: இரத்தப்போக்கு. ஃபினைல்எஃப்ரின் இரண்டிலும் எண்ணை ஏற்றிவிடும் என்பதுதான் சிக்கல். இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது குழாய்களை இறுக்கிக்கொண்டே இருந்தால் மானிட்டர் அழகாக இருக்கும், பெண் மோசமாகிக்கொண்டிருப்பார்.

100 மைக்ரோகிராம் கொடுத்துவிட்டு, துணித் திரைக்கு மேலே எட்டிப் பார்த்தோம். கருப்பை கெட்டியாகச் சுருங்கியிருந்தது. உறிஞ்சு பாட்டிலிலும் துணிகளிலும் சேர்த்து, பனிக்குட நீரைக் கழித்து, 450 மி.லி. அளவு. பிறப்புறுப்பு வழியே போகிறதா என்று திரைக்கு அடியிலும் பார்க்கச் சொன்னோம், இல்லை. முகம் வெளுக்காமல் சிவந்திருந்ததும் ஆக்சிடோசினையே காட்டியது. எங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி இது: ஒரு வேளை மருந்தில் ஏறிய பி.பி. 3 நிமிடத்துக்குள் மறுபடி இறங்கினால், ஆக்சிடோசின் என்று சொல்லிக்கொண்டிருக்காமல் இரத்தப்போக்கு என்று வைத்தே நடக்க வேண்டும். இறங்கவில்லை. 10:37-க்கு 114/62, நாடி 96. 10:42-க்கு 116/64, நாடி 90. பம்ப்பை 10:50-க்கு நிறுத்தினோம். மொத்த இரத்த இழப்பு 600 மி.லி. அளவில் முடிந்தது.

பிறகு

அறுவை 11:08-க்கு முடிந்தது. மேசையிலிருந்து மாற்றும்போதும் ஒரு சிறு இறக்கம் வரலாம் என்பதால் மாற்றிய உடனே பி.பி. எடுத்தோம்: 110/66. மீட்பு அறையில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்ததில் எதுவும் இல்லை. மாலையில் கால்களுக்கு அசைவு முழுதாகத் திரும்பியது. அடுத்த நாள் எழுந்து நடந்தார். முதலில் கட்டிலில் உட்கார வைத்து, தலைசுற்றல் இல்லை என்று பார்த்த பிறகு. 4-ஆம் நாள் வீட்டுக்குப் போனார்.

மாற்றியவை

துறைக் கூட்டத்தில் பேசியபோது பெரிதாக எழுந்தது பம்ப் தொடங்கும் நேரம்தான். இறங்கிய பிறகு ஏற்றுவதும், அதிகமாக ஏறியதால் நிறுத்துவதும், நிறுத்தியதால் இறங்குவதும் என்று முதல் 15 நிமிடம் போனது. ஊசி மருந்து முதுகில் போன அந்த நிமிடமே நிமிடத்துக்கு 25 மைக்ரோகிராமில் தொடங்கி, பி.பி.யும் நாடியும் சொல்கிறபடி கூட்டிக் குறைப்பது என்று இப்போது மாற்றியிருக்கிறோம். நாடி 60-க்குக் கீழே வந்து பி.பி. நன்றாக இருந்தால் முழுதாக நிறுத்தாமல் முதலில் பாதியாக்குகிறோம்; அதற்கும் அடங்காவிட்டால்தான் நிறுத்துவது. பம்ப் இல்லாத இடங்களில், 90 சதவீதத்தைத் தொடும்போதே 50 மைக்ரோகிராம் கையால் கொடுப்பது கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது. ஆனால் அதற்கு ஒருவர் வேறு வேலை பார்க்காமல் அங்கேயே நிற்க வேண்டும்.

ஊசிக்கு முன்பு ஒண்டான்செட்ரான் 4 மி.கி. கொடுப்பதையும் சேர்த்தோம். காலியான இதயத்தின் அந்த அனிச்சையில் செரட்டோனினுக்குப் பங்கு இருப்பதால், அதைத் தடுக்கும் இந்த மருந்து இறக்கத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. கொஞ்சம்தான், இதை நம்பிப் பம்ப்பைத் தள்ளிப்போட முடியாது. நோர்அட்ரினலின் நாடியை இவ்வளவு குறைக்காது என்பதால் அதற்கு மாறலாமா என்ற பேச்சும் வந்தது. நீர்க்க வேண்டிய அளவு இன்னும் நுணுக்கமானது, ஒரு வேளைக்கு 5 முதல் 8 மைக்ரோகிராம்தான். எல்லோரும் ஒரே மாதிரி நீர்க்கும் பழக்கம் வரும்வரை ஃபினைல்எஃப்ரினே இருக்கட்டும் என்று விட்டோம்.

இந்த முறையை அப்படியே எல்லோருக்கும் எடுத்துச் செல்ல முடியாது. கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தில் பி.பி. இவ்வளவு இறங்குவதில்லை, அவர்களுக்குப் பம்ப்பை முன்கூட்டியே ஓடவிட்டால் அதிகமாக ஏறும் ஆபத்து உண்டு, சிறிய அளவில் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இதய வால்வு சுருங்கிய பெண்களுக்கு ஒரே ஊசியில் மரக்க வைப்பதே சரியா என்பதிலிருந்து யோசிக்க வேண்டும்.